கிரவுண்டைத் தொடாத வோல்டேஜ் சோர்ஸ்: சூப்பர்நோடு எப்படி வேலை செய்கிறது

"சார், கொழிஞ்சாம்பாறையில் பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தேன். இப்போது பாலக்காட்டில் எலக்ட்ரிகல் டிப்ளமோ. நோடல் அனாலிசிஸில் ரெசிஸ்டரும் கரண்ட் சோர்ஸும் மட்டும் இருந்தால் போட்டுவிடுகிறேன். கிரவுண்டில் சேராத இரண்டு நோடுகளுக்கு நடுவே வோல்டேஜ் சோர்ஸ் வந்தால் 'சூப்பர்நோடு' என்று வட்டம் போடுகிறார்கள். அந்த சோர்ஸின் கரண்டை ஏன் எழுதுவதில்லை? அதற்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் இருந்தால் அதையும் விட்டுவிடுகிறார்களே, அது எங்கே போகிறது?"

தம்பி, முதலில் அந்த வட்டத்தை மறந்துவிடுங்கள். வட்டம் இல்லாமலே இந்தக் கணக்கைப் போடலாம். போட்டுப் பார்த்தால் வட்டம் எதற்கு என்பது தானாகத் தெரியும்.

ரெசிஸ்டரில் ஓடும் கரண்டை நாம் எப்படி எழுதுகிறோம்? இரண்டு முனை வோல்டேஜின் வித்தியாசத்தை ஓமால் வகுக்கிறோம். நோடல் அனாலிசிஸ் முழுவதும் இந்த ஒரு வசதியை நம்பித்தான் நிற்கிறது. கரண்டுகளைத் தனியாகத் தேட வேண்டாம், நோடு வோல்டேஜ் தெரிந்தால் எல்லாக் கரண்டும் அதிலிருந்து வந்துவிடும். ஐடியல் வோல்டேஜ் சோர்ஸில் இந்த வசதி கிடையாது. 5 வோல்ட் சோர்ஸ் தன் இரண்டு முனைக்கும் நடுவே 5 வோல்ட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அதன் வழியே எத்தனை ஆம்பியர் போகும் என்பதை அதுவே சொல்லாது. சுற்றியுள்ள சர்க்யூட் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு கொடுக்கும். உள்ளே ரெசிஸ்டன்ஸ் சுழி, அதனால் வகுக்கவும் முடியாது.

அந்த சோர்ஸின் ஒரு முனை கிரவுண்டில் இருந்தால் தொல்லையே இல்லை. மறுமுனையின் வோல்டேஜ் நேராகத் தெரிந்துவிடும், அந்த நோடுக்குக் கே.சி.எல். எழுதவே வேண்டாம். இரண்டு முனையும் கிரவுண்டைத் தொடாதபோதுதான் சிக்கல். வித்தியாசம் மட்டும் தெரியும், இரண்டு வோல்டேஜில் ஒன்றுகூடத் தெரியாது.

ஒரு சர்க்யூட்டை எடுத்துக்கொள்வோம். படத்தை நோட்டில் வரைந்துகொண்டு மேலே படியுங்கள். கீழே கிரவுண்டு. மேலே நோடு 1, நடுவில் இடப்பக்கம் நோடு 2, வலப்பக்கம் நோடு 3. கிரவுண்டிலிருந்து நோடு 1-க்குள் 8 ஆம்பியர் தள்ளும் ஒரு கரண்ட் சோர்ஸ். நோடு 1-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே 4 ஓம். 1-க்கும் 2-க்கும் நடுவே 2 ஓம், 1-க்கும் 3-க்கும் நடுவே 3 ஓம். நோடு 2-லிருந்து கிரவுண்டுக்கு 2 ஓம், நோடு 3-லிருந்து கிரவுண்டுக்கு 3 ஓம். கடைசியாக 2-க்கும் 3-க்கும் நடுவே 5 வோல்ட் சோர்ஸ், பிளஸ் முனை நோடு 2-ல். அதற்குக் குறுக்கே, அதே இரண்டு நோடுகளில், நீங்கள் கேட்ட அந்த உபரி ரெசிஸ்டர், 5 ஓம்.

நோடு 1-ல் புதிதாக ஒன்றும் இல்லை. வெளியே போகும் கரண்டுகளைக் கூட்டினால் உள்ளே வரும் 8-க்குச் சமம்:

```
v1/4 + (v1 - v2)/2 + (v1 - v3)/3 = 8
```

இப்போது நோடு 2. சோர்ஸின் கரண்டு தெரியாது, தெரியாவிட்டால் என்ன, அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவோம். பிளஸ் முனையிலிருந்து நோடு 2-க்குள் வரும் கரண்டை i என்போம். அதே i தான் நோடு 3-லிருந்து மைனஸ் முனைக்குள் போகிறது. சோர்ஸ் ஒரு கையால் வாங்கியதை மறு கையால் கொடுக்கிறது, நடுவில் எதையும் வைத்துக்கொள்வதில்லை. ஆகவே:

```
நோடு 2:  (v2 - v1)/2 + v2/2 + (v2 - v3)/5 =  i
நோடு 3:  (v3 - v1)/3 + v3/3 + (v3 - v2)/5 = -i
```

இந்த இரண்டு வரியையும் உற்றுப் பாருங்கள். i ஒன்றில் பிளஸ், இன்னொன்றில் மைனஸ். இரண்டையும் கூட்டினால் i காணாமல் போகும். கூடவே 5 ஓம் ரெசிஸ்டரும் போய்விடும், ஏனென்றால் (v2 - v3)/5, (v3 - v2)/5 இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். மிஞ்சுவது இது:

```
(v2 - v1)/2 + v2/2 + (v3 - v1)/3 + v3/3 = 0
```

சூப்பர்நோடு சமன்பாடு என்பது இதுதான். தனி விதி எதுவும் கிடையாது, இரண்டு நோடுகளின் கே.சி.எல்.-ஐக் கூட்டியது. நோடு 2, நோடு 3 இரண்டையும் சேர்த்து வட்டம் போட்டு, வட்டத்தைத் தாண்டி வெளியே போகும் கம்பிகளை மட்டும் எண்ணினாலும் இதே வரிதான் வரும். வட்டத்துக்குள்ளேயே ஓடும் கரண்டு ஒரு நோடுக்குச் செலவு, இன்னொரு நோடுக்கு வரவு, மொத்தக் கணக்கில் சுழி. மூலத்தறை வாய்க்கால் தண்ணீர் வரும் இரண்டு குளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு பம்ப், ஒரு குளத்தின் மட்டம் மற்றதைவிட எப்போதும் ஐந்தடி மேலே இருக்கும்படி ஓடுகிறது. பம்ப் எவ்வளவு இறைக்கிறது என்று தெரியாது. ஆனாலும் மட்டம் ஏறாமல் இறங்காமல் இருந்தால் இரண்டு குளத்துக்கும் சேர்த்து வெளியிலிருந்து வந்ததும் வெளியே போனதும் சமமாகத்தான் இருக்கும்.

இரண்டு சமன்பாட்டைக் கூட்டி ஒன்றாக்கியதால் ஒரு சமன்பாடு குறைந்துபோனது. தெரியாதவை மூன்று, கையில் இரண்டு. அந்த மூன்றாவதை சோர்ஸே தருகிறது:

```
v2 - v3 = 5
```

மாணவர்கள் அதிகம் விட்டுவிடுவது இந்த வரியைத்தான். சூப்பர்நோடு போட்டுவிட்டோம் என்ற திருப்தியில் நிறுத்திவிடுவார்கள், பிறகு சமன்பாடு போதவில்லை என்று முழிப்பார்கள். ஒவ்வொரு வோல்டேஜ் சோர்ஸும் ஒரு கே.சி.எல்.-ஐ எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஒரு வோல்டேஜ் வரியைக் கொடுக்கும் என்று மனதில் வைத்தால் எண்ணிக்கை தவறாது. 1-க்கும் 2-க்கும் நடுவே ஒன்று, 2-க்கும் 3-க்கும் நடுவே ஒன்று என்று இரண்டு சோர்ஸ் இருந்தால்? மூன்று நோடும் ஒரே சூப்பர்நோடு. கே.சி.எல். ஒன்று, வோல்டேஜ் வரி இரண்டு.

தீர்ப்போம். முதல் சமன்பாட்டை 12-ஆலும், சூப்பர்நோடு சமன்பாட்டை 6-ஆலும் பெருக்கினால்:

```
13 v1 - 6 v2 - 4 v3 = 96
-5 v1 + 6 v2 + 4 v3 = 0
```

கூட்டினால் 8 v1 = 96, அதாவது v1 = 12 வோல்ட். இரண்டாவது வரியில் போட்டால் 6 v2 + 4 v3 = 60. v2-க்குப் பதில் v3 + 5 வைத்தால் 10 v3 = 30. ஆக v3 = 3 வோல்ட், v2 = 8 வோல்ட்.

சோர்ஸின் கரண்டு வேண்டுமா? இப்போது எடுக்கலாம், அதற்காகத்தான் நோடு 2-ன் பழைய வரியை அழிக்காமல் வைத்திருக்கிறோம். (8 - 12)/2 என்பது -2, 8/2 என்பது 4, (8 - 3)/5 என்பது 1. கூட்டினால் i = 3 ஆம்பியர். நோடு 3-லும் சரிபாருங்கள்: -3, +1, -1, மொத்தம் -3. பொருந்துகிறது.

5 ஓம் எங்கே போனது என்ற உங்கள் கேள்விக்கு விடை இந்த 3 ஆம்பியரில் இருக்கிறது. அந்த ரெசிஸ்டரை வெட்டி எடுத்துவிட்டால் v1, v2, v3 மூன்றும் அப்படியே இருக்கும், ஏனென்றால் தீர்த்த சமன்பாடுகளில் அது இல்லவே இல்லை. ஆனால் i மட்டும் 2 ஆம்பியராகக் குறையும். அதன் இடத்தில் அரை ஓம் வைத்தால் அதில் 10 ஆம்பியர் ஓடும், i 12 ஆகும், நோடு வோல்டேஜ் ஒன்றும் நகராது. ஆகவே நோடு வோல்டேஜ் மட்டும் கேட்டால் அதைத் தொடவே வேண்டாம். சோர்ஸின் கரண்டோ பவரோ கேட்டால் கட்டாயம் சேர்க்க வேண்டும். பரீட்சையில் இரண்டாவது கேள்வியாக அதைக் கேட்டு மடக்குவார்கள், கவனம்.

விடை சரியா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி பவர் கணக்கு. கரண்ட் சோர்ஸ் தருவது 8 × 12 = 96 வாட். வோல்டேஜ் சோர்ஸ் தருவது 5 × 3 = 15 வாட். மொத்தம் 111. ரெசிஸ்டர்கள் எடுப்பது: 4 ஓம் 36 வாட், நோடு 1-லிருந்து இறங்கும் 2 ஓம் 8, 3 ஓம் 27, கிரவுண்டுக்குப் போகும் 2 ஓம் 32, 3 ஓம் 3, குறுக்கே உள்ள 5 ஓம் 5. கூட்டினால் 111.

ஆனால் ஒரு தவறை இந்தச் சோதனைகூடக் காட்டிக்கொடுக்காது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பிளஸ், மைனஸை மாற்றி v3 - v2 = 5 என்று எழுதிவிட்டீர்கள் என்று வையுங்கள். v1 அதே 12 வரும். v2 = 4, v3 = 9 என்று அழகான முழு எண்களாக வரும். நோடு 1-ல் சரிபார்த்தால் 3 + 4 + 1 = 8, கே.சி.எல். கச்சிதம். சூப்பர்நோடிலும் கச்சிதம். நீங்கள் தீர்த்தது திருப்பி மாட்டிய சோர்ஸ் உள்ள வேறொரு சர்க்யூட்டை, அந்த சர்க்யூட்டுக்கு விடை சரி. அதனால் எந்த கே.சி.எல். சோதனையும், எழுதிய வரியையே நம்பிச் செய்த பவர் கணக்கும் இதைப் பிடிக்காது. படத்துக்குத் திரும்பிப் போய், பிளஸ் குறியின் மேல் விரலை வைத்து, விரல் இருக்கும் நோடு மற்றதைவிட 5 அதிகமா என்று பார்ப்பது ஒன்றுதான் வழி. வரி எழுதும்போதும் அப்படியே எழுதுங்கள்: பிளஸ் உள்ள நோடு, கழித்தல் மைனஸ் உள்ள நோடு, சமம் சோர்ஸின் மதிப்பு. i எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை வைத்து இந்தக் குறியைத் தீர்மானிக்கக் கூடாது. சார்ஜ் ஆகும் பேட்டரியில் பிளஸ்ஸுக்குள் கரண்டு போகும், அதற்காகப் பிளஸ் மைனஸ் ஆகிவிடாது.

இன்னொரு தவறு, சோர்ஸையே கண்டுகொள்ளாமல் நோடு 2-க்கும் 3-க்கும் தனித்தனியாகக் கே.சி.எல். எழுதுவது, அதாவது i-ஐச் சுழி என்று வைத்துவிடுவது. அப்படிச் செய்தால் இங்கே v2 = v3 = 6 என்று வரும். இது உடனே மாட்டிக்கொள்ளும்: 5 வோல்ட் சோர்ஸ் மாட்டிய இரண்டு முனைக்கும் நடுவே வித்தியாசம் சுழி. சிலர் வகுப்பில் "சோர்ஸை ஷார்ட் செய்துவிட்டு எழுது" என்று சுருக்கமாகச் சொல்லித் தருகிறார்கள். எந்தக் கம்பிகளை எண்ண வேண்டும் என்று பார்ப்பதற்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஷார்ட் செய்த படத்தில் இரண்டு நோடும் ஒன்றாகிவிடுவதால் பையன் இரண்டுக்கும் ஒரே v எழுதிவிடுகிறான், அதே 6 வோல்ட்டில் போய் நிற்கிறான். எனக்கு அந்தக் குறுக்குவழி பிடிப்பதில்லை. வட்டத்துக்குள் இரண்டு நோடும் தனித்தனி வோல்டேஜோடுதான் இருக்கின்றன.

மூன்று கணக்கிலும் v1 மட்டும் 12-ஆகவே இருந்ததைக் கவனித்திருந்தால் சபாஷ். இந்த சர்க்யூட் ஒரு வீட்ஸ்டன் பிரிட்ஜ். 2-க்கு 2, 3-க்கு 3 என்று சமநிலையில் இருப்பதால் நடுக்கையில் என்ன மாட்டினாலும் மேல் முனையின் வோல்டேஜ் அசையாது. எண்கள் சுத்தமாக வர வேண்டும் என்று நான் அப்படி எடுத்தேன். பொதுவாக எல்லா நோடும் மாறும்.

எப்போது சூப்பர்நோடு வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோர்ஸோடு வரிசையில் ஒரு ரெசிஸ்டர் இருந்தால், உதாரணமாக 2-க்கும் 3-க்கும் நடுவே 5 வோல்ட்டும் 1 ஓமும் தொடராக இருந்தால், 2-லிருந்து 3-க்குப் போகும் கரண்டை (v2 - v3 - 5)/1 என்று நேராக எழுதிவிடலாம். வகுக்க ஓம் கிடைத்துவிட்டது, சாதாரண நோடல் போதும். நடுப்புள்ளியை நாலாவது நோடாக்கிச் சூப்பர்நோடு போட்டாலும் விடை வரும், வீண் வேலை. குறுக்கே இருக்கும் ரெசிஸ்டர் வேறு, தொடரில் இருக்கும் ரெசிஸ்டர் வேறு. முந்தையது நோடு வோல்டேஜைத் தொடாது, பிந்தையது முழுக் கணக்கையும் மாற்றும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் "ரெசிஸ்டரை விட்டுவிடலாம்" என்பதை எல்லா இடத்திலும் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். கடையில் வாங்கும் எந்த பேட்டரிக்கும் உள்ளே கொஞ்சம் ஓம் உண்டு, கறாராகப் பார்த்தால் அது இந்தத் தொடர் வகைதான். அந்த ஓம் மற்ற ரெசிஸ்டர்களுக்கு முன்னால் பொருட்டில்லாதபோது ஐடியல் என்று வைத்துச் சூப்பர்நோடு போடுகிறோம்.

டிபெண்டன்ட் சோர்ஸ் வந்தாலும் பயப்பட வேண்டாம், கே.சி.எல். வரி மாறாது. நம் 5 வோல்ட்டுக்குப் பதில், நோடு 3-லிருந்து கிரவுண்டுக்குப் போகும் 3 ஓமில் ஓடும் கரண்டைப் போல ஐந்து மடங்கு வோல்ட் தரும் சோர்ஸ் என்று வைப்போம். மாறுவது வோல்டேஜ் வரி மட்டும்: v2 - v3 = 5 × (v3/3). கட்டுப்படுத்தும் கரண்டை உடனே நோடு வோல்டேஜாக மாற்றி எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாலாவதாக ஒரு தெரியாதது உள்ளே நுழைந்துவிடும். v2 = 8 v3/3 என்று வரும். 6 v2 + 4 v3 = 60-ல் போட்டால் 20 v3 = 60, மறுபடியும் v3 = 3, v2 = 8.

கையால் போட்டதைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்க `ngspice` போதும், இலவசம்:

```
* supernode check
I1 0 1 8
R1 1 0 4
R2 1 2 2
R3 1 3 3
R4 2 0 2
R5 3 0 3
R6 2 3 5
VS 2 3 DC 5
.op
.end
```

நோடு வோல்டேஜ் 12, 8, 3 என்று காட்டும். `vs#branch` என்ற வரியில் -3 என்று வரும். தவறு இல்லை, அந்த மென்பொருள் பிளஸ் முனைக்குள் போகும் கரண்டைப் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்கிறது. நாம் வெளியே வருவதை எடுத்தோம்.

அந்த `branch` வரி ஏன் இருக்கிறது என்றால், மென்பொருள் சூப்பர்நோடு போடுவதில்லை. நாம் i என்று பெயர் வைத்து எழுதினோமே, அந்த வரிகளை அப்படியே வைத்துக்கொண்டு i-ஐயும் நாலாவது தெரியாததாகச் சேர்த்துத் தீர்க்கிறது. இந்த முறையை ஐ.பி.எம். ஆய்வாளர்கள் ஹோ, ரூலி, பிரென்னன் மூவரும் 1975-ல் விளக்கமாக எழுதினார்கள். மாடிஃபைட் நோடல் அனாலிசிஸ் என்று பெயர். மெஷினுக்கு நாலு சமன்பாடும் நாற்பதும் ஒன்றுதான். கையால் போடும் நமக்கு ஒரு தெரியாதது குறைந்தாலே ஒரு பக்கம் மிச்சம். பரீட்சையில் வட்டம் எங்கே போடுவது என்று சந்தேகம் வந்தால், i வைத்து இரண்டு வரியையும் எழுதி நீங்களே கூட்டிவிடுங்கள், மார்க் குறைக்க யாருக்கும் காரணம் கிடையாது.